தந்தியில் போகாத காரணம்

விடுமுறையில் மதுரைக்கு வந்த இடத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். எழுவதற்குள் சவூதி திரும்பும் விசாவின் கெடு முடிந்துவிட்டது. விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைப் பம்பாயிலுள்ள சவூதி துணைத் தூதரகத்துக்கு அனுப்பியிருந்தேன், சில வாரங்களாகும். அதை அங்கே என் கம்பெனி மேனேஜருக்குச் சொல்லத் தந்தி ஆபீசுக்குப் போனேன்.

நான் எழுதியதைப் படித்த குமாஸ்தா, “இம்புட்டு விளக்கம் எதுக்குண்ணே? ‘அம்மா சீரியஸ்’னு போடுங்க. எல்லாரும் அதத்தான் போடுறாக” என்றார்.

போன வருஷம் எனக்கு நிஜமாகவே அப்படியொரு தந்தி வந்தது. “எல்லாரும் இதைத்தான் காட்டுகிறீர்கள்” என்று இதே மேனேஜர் என்னை ஊருக்கு விடவில்லை.

“விசான்னே போகட்டும்” என்று எரிந்து விழுந்தேன். பிறகு, அம்மா இருந்தவரை பகலில் பூட்டியே இராத வீட்டின் பூட்டைத் திறக்கப் போனேன்.