நூற்று நாற்பத்து மூன்று ‘இல்ல’

எங்கள் அண்ணிக்கு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் ‘கத்திரி’ என்று பெயர். ஒன்றரை மணி நேரம் பேசிய பேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால், ஐந்து நிமிடத்தில் படிக்கிற கட்டுரையாக வெட்டித் தருவார். விட்டால் நம் கல்யாணப் பத்திரிகையையே இரண்டு வரியாக்கிவிடுவார்.

வேலை இதுதான். கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும். அதில் முற்றுப்புள்ளி இருக்காது, யார் பேசினார் என்று இருக்காது. ‘கயிறு’ என்பது ‘வயிறு’ என்று வந்திருக்கும். அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியையும் எழுத்தையும் ஒத்துப் பார்ப்பார். அப்புறம் முன்பின்னாகக் கிடப்பதை அடுக்கி, தலைப்பு வைத்து, புரியாத சொல்லுக்கு விளக்கம் எழுதி, மேலே நாலு வரிச் சுருக்கம் கொடுப்பார்.

அந்த வாரம் வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷ அனுபவம். பேச்சில் மூச்சுக்கு மூச்சு ‘இல்ல’. “இல்ல, நான் என்ன சொல்றேன்னா, கயிறு இருக்கு இல்ல, அது ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கும் இல்ல...” என்று போகும். எழுத்தில் பார்த்தால் பக்கமெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது.

பக்கத்துக் குடியிருப்புச் செயலாளர், “கட்டுரைய அனுப்புங்கம்மா, அச்சடிச்சு ஆறு லிஃப்ட்லயும் ஒட்டுறேன். அஞ்சு மணிக்குள்ள வேணும்” என்று சொல்லியிருந்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தவேண்டும் என்பது மெக்கானிக்கின் ஆசை. அதற்காகத்தான் பேட்டிக்கே ஒத்துக்கொண்டார்.

மணி மூன்றரை. அண்ணிக்குப் பொறுமை போனது. தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ‘இல்ல’ என்று அடித்து, மாற்றாக ஒன்றும் போடாமல் ஒரே தட்டு. நூற்று நாற்பத்து மூன்று ‘இல்ல’ காற்றில் பறந்தன. அதற்கப்புறம் ஹெட்போன் எதற்கு என்று எழுத்தை மட்டும் பார்த்து எழுத்து நடைக்கு மாற்றி, நாலரைக்கு அனுப்பிவிட்டு, “பாத்தியாடா உங்க அண்ணிய!” என்று நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கால் மணியில் செயலாளர் போன் பண்ணினார்.

“பிரமாதம்மா! இத்தன நாளா நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம்.”

“என்ன சார் தப்பா நெனச்சீங்க?”

“லிஃப்ட் நின்னா கதவ நெம்பிட்டுக் குதிக்கறதுதான் புத்திசாலித்தனம்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரே! எங்க வீட்டுக்காரிய இன்னிக்கே பழகச் சொல்றேன்.”

அண்ணி நாற்காலி சுற்றுவதை நிறுத்தினார். கட்டுரையைத் திறந்தார். மெக்கானிக் சொன்னது, “கதவ நெம்பிக் குதிக்கறது புத்திசாலித்தனம் இல்ல.” கடைசிச் சொல் போனதும் மனுஷன் மொத்தப் பேரையும் மாடியிலிருந்து தள்ளிவிட்டுவிட்டார். கீழே இன்னொன்று: “உள்ளே காற்று தீர்ந்துபோகும் என்பது உண்மை.”

“சார், ஒட்டாதீங்க! பிரிண்டரயே அணைங்க!”

“மூணு லிஃப்ட்ல ஒட்டியாச்சேம்மா.”

“கிழிங்க சார்! கோந்தோட கிழிங்க!”

“அஞ்சு மணிக்குச் சரி பண்ணிக் குடுத்துடுவீங்களா?”

“குடுக்கறேன்.”

பத்து நிமிடம். ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு ‘இல்ல’வையும் காதால் கேட்டார். பேச்சை இழுக்க வந்தது எது, மறுப்பது எது என்று பிரித்தார். குரலை இழுத்தால் வெட்டு, அழுத்தினால் வை. ‘இல்ல’ ‘இல்லை’யாகி இருபத்தாறு திரும்பி வந்தன. பக்கத்தில் நின்ற எனக்கே வேர்த்துவிட்டது. நான் செய்தது தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தது மட்டும்தான்.

பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டு முக்கியமான வரிகளைப் படித்துக் காட்டினார்.

“ஒரு கயிறு அறுந்தாலும் மத்த கயிறு தாங்கும். வேகம் மீறினா பிரேக், பெட்டி ஓடுற தண்டவாளத்தக் கவ்விப் பிடிக்கும். பெட்டி காத்துப் புகாத டப்பா இல்லை, மூச்சு முட்டாது. மணிய அமுக்குங்க, காத்திருங்க. சரியாண்ணே?”

“எல்லாம் சரி தாயி. ஆனா இவ்வளவு சுத்தமா நானா பேசினேன்? என் வீட்டுக்காரி நம்பமாட்டா.”

“ஒரே ஒரு இடத்துல உங்க ‘இல்ல’வ இழுக்க விடட்டுமா?”

“விடு தாயி. அவளுக்கு அடையாளம் வேணும்ல.”

அண்ணி கட்டுரைக்கு அடியில் ‘பேச்சு படிக்க எளிதாகச் சுருக்கப்பட்டுள்ளது, முழு ஒலியைக் கேட்க இங்கே’ என்று இணைப்பையும் சேர்த்து, நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செயலாளரே மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவைத் தொடவில்லை. மணியை அமுக்கிவிட்டு, சுவரில் இருந்த கட்டுரையை இருபது நிமிடம் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். மெக்கானிக் வந்து திறந்ததும் முதல் வேலையாக அண்ணிக்குப் போன்.

“நான் பத்திரம்மா. ஆனா எட்டாவது வரில ‘பொத்தான்’ங்கறது ‘போத்தான்’னு இருக்கு.”

லிஃப்டில் மாட்டியவரை விட அண்ணிக்குத்தான் அன்று மூச்சு முட்டியது.