ஒரே நாளில் இருண்ட கண்கள்

சஃபியா அக்காவை நான் முதலில் பார்த்தது 2013ஆம் ஆண்டு, பூதலூர் கால்நடை மருந்தகத்தில். சினை ஊசிக்கு வந்த ஒரு கிடாரியையும் வயிறு உப்பிய இரண்டு ஆடுகளையும் தாண்டி, பர்தாவின் மேல் பிளாஸ்டிக் கூடை ஒன்றை அணைத்தபடி வந்தார். கூடையின் வாயில் இன்னொரு கூடையைக் கவிழ்த்து நாடாவால் கட்டியிருந்தார். உள்ளே சாம்பல் நிறப் பூனை ஒன்று.

"அய்யம்பேட்டையிலேர்ந்து வர்றேன் டாக்டர். காலைல பாசஞ்சர்ல ஏறினேன். இவளுக்குக் கண்ணு தெரியல."

அய்யம்பேட்டைக்காரர் தஞ்சாவூரில் இறங்காமல் பூதலூர் வரை வருவானேன் என்று கேட்டேன். பூனைக்கும் பொறுமையாகப் பார்க்கிற டாக்டரம்மா இங்கே இருப்பதாக யாரோ ரயிலில் சொன்னார்களாம். எனக்கு அப்போது பதினோரு வருட சர்வீஸ். அதில் முக்கால்வாசி மாடுகளோடுதான் கழிந்தது.

பூனையின் பெயர் லைலா. வயது பதினான்கு. 1999இல், சஃபியா அக்காவின் கணவர் அப்துல் ஹமீது ஷார்ஜாவில் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, நெல் மூட்டை ஏற்றிவந்த லாரியின் அடியிலிருந்து மகன் ஷஹ்பாஸ் எடுத்துவந்த குட்டி. ஷஹ்பாஸ் வளர்ந்து துபாய்க்குப் போய்விட்டான். பூனை அம்மாவிடம் தங்கிவிட்டது. கணவர் மொத்தம் இருபத்தாறு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, தன் நாற்காலியில் பூனை உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நாள் கோபமாக இருந்தாராம்.

"ஊர்ல காட்டினேன். வயசாயிடுச்சு, கண்புரைன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. நான் கேட்டேன், புரைன்னா ஒரே நாள்ல வருமா? முந்தாநேத்து மத்தியானம் பல்லி புடிச்சவ, நேத்துக் காலைல செவுத்துல போய் முட்டுறா. அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்ல. எங்கிட்டயும் இல்ல. அதான் வந்துட்டேன்."

அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். ஆனால் அந்தக் கேள்வியில் பாதி நோய் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் பூனையைப் பிடித்துப் பார்த்தேன். பகல் பதினோரு மணி வெயிலில் பூனையின் கண்மணி கோடுபோலச் சுருங்கியிருக்க வேண்டும். லைலாவுக்கு இரண்டு கண்ணிலும் கருப்பு முழுக்க விரிந்து கிடந்தது. டார்ச் அடித்தேன், அசையவில்லை. கண்ணுக்கு நேராகக் கையை நீட்டினேன், இமைக்கவில்லை. கண்ணின் வில்லை, அதாவது லென்ஸ், தெளிவாக இருந்தது. புரை இல்லை. அதற்குப் பின்னால், வழக்கமாகக் கருவியில்லாமல் பார்க்க முடியாத ஆழத்தில் இருக்கவேண்டிய விழித்திரை, ரத்தநாளங்களோடு திரைச்சீலை மாதிரி முன்னால் மிதந்துகொண்டிருந்தது. வலது கண்ணில் ரத்தக் கசிவும் இருந்தது.

"அக்கா, கொஞ்ச நாளா இவ தண்ணி அதிகமா குடிக்கிறாளா?"

"மூணு மாசமா. முன்னெல்லாம் கிண்ணத்துத் தண்ணி ரெண்டு நாள் நிக்கும். இப்ப சாயங்காலத்துக்குள்ள காலி. மூத்திரமும் ஜாஸ்தி. மெலிஞ்சும் போயிட்டா. வெயில் காலம்னு நெனச்சேன்."

எனக்குப் புத்தகத்தில் படித்த பக்கம் நினைவுக்கு வந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் கெட்டாலோ தைராய்டு அதிகமானாலோ ரத்த அழுத்தம் ஏறும். சில பூனைகளுக்குக் காரணமே தெரியாமலும் ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கண்ணின் பின்பக்கத்து நுண்ணிய நாளங்கள் அந்த வேகத்தைத் தாங்காமல் நீர் கசியவிடும். ஈரம் ஊறிய சுவரிலிருந்து பூச்சு கிளம்புவதுபோல விழித்திரை கிளம்பிவிடும். பார்வை ஒரேயடியாகப் போகும். படித்திருந்தேனே தவிர, அதுவரை ஒரு பூனைக்கும் நான் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை. அதற்கான கருவியும் என்னிடம் இல்லை. இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"எங்க இருக்கும் டாக்டர் அந்தக் கருவி?"

அப்போதுதான் யோசித்தேன். என் கணவர் மதிவாணன் தஞ்சாவூரில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு மருத்துவம் பார்ப்பவர். காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று காதால் கேட்டறிய ஒரு சின்ன டாப்ளர் வைத்திருக்கிறார். பூனைக்கும் அதே தத்துவம்தான். போன் செய்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு மேல கூட்டிட்டு வா. பச்சக்குழந்தைக்கு பிரஷர் பாக்கக் கட்டுற பட்டை பக்கத்து ஆஸ்பத்திரில வாங்கி வைக்கிறேன்" என்றார்.

காத்திருந்த மாடுகளை முடித்துவிட்டு அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து, நாங்கள் மூவரும் பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம்.

நோயாளிகள் இல்லாத அறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, பத்து நிமிடம் பூனையைச் சஃபியா அக்காவின் மடியிலேயே விட்டுவைத்தோம். பயந்தால் அழுத்தம் பொய்யாக ஏறும். முன்னங்காலில் பட்டையைக் கட்டி, பாதத்தின் அடியில் ஜெல் தடவி, டாப்ளரை வைத்தேன். ரத்தம் பாயும் சத்தம் ஸ்பீக்கரில் உஸ், உஸ் என்று கேட்டது. பட்டையில் காற்றடிக்க அடிக்கச் சத்தம் நின்றது. மெதுவாகக் காற்றை இறக்கினேன், சத்தம் திரும்ப வருகிற இடத்தில் அளவுமானியின் முள்ளைப் பார்க்க. முதல் அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் ஐந்து முறை எடுத்தோம். சராசரி இருநூற்று முப்பத்தாறு. நூற்றறுபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

மதிவாணன் முள்ளைப் பார்த்துவிட்டு, "மனுஷனா இருந்தா இந்நேரம் அட்மிட் பண்ணியிருப்பேன்" என்றார்.

சஃபியா அக்கா மடியிலிருந்த பூனையின் தலையில் கை வைத்தார். "இத்தன நாளா இத வச்சுக்கிட்டா சும்மா என் காலச் சுத்திச் சுத்தி வந்தா?"

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகியிருந்தது. மருந்து என்னவோ சாதாரணமானது, மனிதர்கள் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின்தான். இரண்டரை மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு, தினம் ஒரு வேளை. அழுத்தம் இறங்கினால் விழித்திரை திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பார்வை வருமா என்று உறுதி சொல்ல முடியாது. சீக்கிரம் வந்ததால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

"இந்த மாத்திரைதான் எங்க வீட்டுலயும் சாப்புடுறாங்க. அதுல ஒண்ணு வெட்டிக் குடுக்கலாமா?"

"அது அஞ்சு மில்லிகிராமா இருக்கும் அக்கா. அத எட்டாப் பொளந்தா பொடிதான் மிஞ்சும், அளவு தப்பிப் போயிடும். தனியா வாங்குங்க."

அன்று சாயங்காலம் துபாயிலிருந்து ஷஹ்பாஸ் பேசியிருக்கிறான். பின்னால் அவரே சொன்னார். "விடும்மா, வயசான பூனை. நான் வர்றப்ப பெர்ஷியன் குட்டி ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றானாம். "நீ போனப்ப நான் வேற புள்ள வாங்கினேனாடா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அளந்தபோது இருநூற்று நான்கு. மாத்திரையைக் கால் துண்டிலிருந்து அரைத் துண்டாகக் கூட்டினேன். எட்டாம் நாள் அவர்கள் மறுபடி தஞ்சாவூர் வந்தார்கள். இந்த முறை அப்துல் ஹமீதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நூற்று ஐம்பத்தாறு. மதிவாணன் கைகொட்டாத குறை. சஃபியா அக்கா பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"அடுத்து நீங்க உக்காருங்க."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அவளும் நல்லாத்தான் இருந்தா. உங்க மாத்திரை அட்டையப் பாத்தேன். தலை வலிச்சாத்தான் ஒண்ணு போடுறீங்க."

அவருக்கு நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு இருந்தது. மதிவாணன் அரைமணி நேரம் அவரோடு பேசினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகை முடிந்து தேநீர் குடித்ததும் இரண்டு பேருக்கும் மாத்திரை. பூனைக்கு முதலில், அதுவும் மீன் சதைக்குள் ஒளித்து. அது மாத்திரையைத் தனியே துப்பினால், சஃபியா அக்கா அதன் வாயைத் திறந்து உள்ளே போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு வாய் தண்ணீர் புகட்டிவிடுவார்.

அந்த வாரங்களில் அவர் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற விடவில்லை. மாடிப்படிக்குக் குறுக்கே பலகை வைத்தார். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் வைத்த இடத்திலேயே. பூனையை எழுப்பும்முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடுவார்.

பதினான்காம் நாள் போன் வந்தது.

"டாக்டர், இவளுக்கு எடது கண்ணு தெரியுது."

மனம் விரும்புவதைக் கண் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் தயங்கி, "எப்படி அக்கா சொல்றீங்க?" என்றேன்.

"கைதட்டினா திரும்புறா. ஆனா அது காதால தெரிஞ்சுக்கிறது. கைய ஆட்டினா காத்துப் படும், மீசையால தெரிஞ்சுக்குவா. அதான் தலகாணிப் பஞ்சக் கொஞ்சம் பிச்சு, மேலேர்ந்து சத்தமில்லாம போட்டேன். எடது பக்கம் போட்டா தலை கூடவே எறங்குது. வலது பக்கம் போட்டா ஒண்ணுமில்ல. நாலு தடவ பாத்துட்டுத்தான் உங்களுக்கு போன் போட்டேன்."

பூனையின் பார்வையைச் சோதிக்கப் பஞ்சு உருண்டையைப் போடுவது எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள முறை. அதை நான் அவருக்குச் சொல்லித் தந்ததே இல்லை. அடுத்த முறை வந்தபோது கண்ணைப் பார்த்தேன். இடது விழித்திரை ஒட்டியிருந்தது. வலது ஒட்டவேயில்லை. அவர் சொன்னது அப்படியே சரி.

லைலா அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒற்றைக் கண்ணோடு இருந்தாள். பல்லி பிடிக்கவில்லை, ஆனால் பல்லி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வருவார்கள். 2015இல் சிறுநீரகம் முற்றிலும் கைவிட்டது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வாரம், கடைசி நாளில் நான் அவர்கள் வீட்டுக்கே போயிருந்தேன். அவள் சஃபியா அக்காவின் மடியில்தான் போனாள். கொல்லையில் வாழைக்கு அடியில் அப்துல் ஹமீதே குழி வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா பேசினார். குரல் இன்னும் தெளியவில்லை.

"மாத்திரை ஒரு அட்டை மிச்சம் இருக்கு டாக்டர். எங்க தெருவுல ஜன்னத் பீவி வீட்டுக் கடுவன் பூனைக்குப் பதிமூணு வயசு. அதுவும் தண்ணி நிறைய குடிக்குதாம். அதுக்குக் குடுக்கலாமா?"

"பாக்காம குடுக்காதீங்க அக்கா. முதல்ல அளந்து பாக்கணும்."

"அப்ப நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். ஜன்னத் பீவிக்கு முட்டி வலி, அவளால பஸ் ஏற முடியாது. நான் கொண்டுவர்றேன்."

வந்தார். முரட்டுக் கடுவன் அது. வழியெல்லாம் கூடைக்குள் கத்திக்கொண்டே வந்திருக்கிறது, அவர் மணிக்கட்டில் இரண்டு கீறல். தன் பூனை போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த மடியிலேயே இதையும் அமர்த்திக்கொண்டு, அது அடங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தார். அளந்தேன். நூற்று எண்பத்தெட்டு. விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் சட்டென்று சுருங்கின. விழித்திரை இன்னும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.