பதிமூன்று ஃபிரேம்

ஒசாகாவில் எங்கள் சிறிய வீடியோ கேம் நிறுவனத்தில் சண்டைக் காட்சிகளை வடிவமைப்பவர் நிஷிவாகி தோமொகோ. நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக எதிரி அடிப்பதையும் ஆள் உருண்டு தப்புவதையும் ஃபிரேம் ஃபிரேமாக அளந்துகொண்டிருப்பவர். திரையில் நொடிக்கு அறுபது படம் ஓடும், அதில் ஒன்றுதான் ஒரு ஃபிரேம். மதியச் சோற்றுருண்டையை இடது கையால்தான் தின்பார். வலது கையில் மவுஸ் இருக்கும்.

அன்று மாலை நான்கு மணிக்கு, எங்களுக்குப் பணம் போடும் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து இகராஷி வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் விளையாட்டு நின்றுபோகும். பதினொரு பேருக்கும் வேலை போகும். காலையில் விளையாடிப் பார்க்க வந்த எட்டுப் பேரும் அதில் வரும் கோடாலி அரக்கனிடம் செத்துச் செத்து, அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள்.

“எல்லாரும் ஓடுறாங்க நிஷிவாகி சான். ஓடுற வேகத்தைக் கூட்டிடுங்க,” என்றார் இயக்குநர் ஹமாசாகி.

“ஓடுனா முதுகுல வாங்குவாங்க, கோடாலி அவ்வளவு நீளம். தப்பிச்சாலும் திருப்பி அடிக்க எட்டாது. உருண்டா பதிமூணு ஃபிரேமுக்கு எந்த அடியும் படாது. கோடாலிப் பக்கமாவே உருண்டா அந்தப் பக்கம் அவன் முதுகு கிடைக்கும்.”

“உருண்டவங்களும் செத்தாங்களே.”

எங்களில் யார் உருண்டாலும் தப்பினோம். அதுதான் நிஷிவாகிக்குப் புரியவில்லை.

மூன்று மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து குபோட்டாவைக் கையோடு இழுத்து வந்தார்.

“நான் இதைத் தொட்டதே இல்லையே.”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். உட்காருங்க.”

குபோட்டா நான்கு முறை செத்தாள். “கோடாலி மின்னுது, உடனே உருளுறேன். எழுந்திருக்கறப்ப அடிக்கிறான். அழுகுணி ஆட்டம் ஆடுறான் உங்க ஆளு.”

நிஷிவாகி அவள் ஆடியதன் பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். அடி வருகிறது என்று காட்டும் அந்த மின்னலுக்கும் அடிக்கும் நடுவே நாற்பத்தைந்து ஃபிரேம். கண்டு விரல் அழுத்தப் பதினைந்து. அடி படாத பதிமூன்றும் முப்பதுக்குள் தீர்ந்துவிடுகிறது. ஆள் எழுந்துகொண்டிருக்கும்போது கோடாலி விழுகிறது.

அழகாக இருக்கட்டும் என்று ஆறு மாதம் முன்பு மின்னலை முன்னால் தள்ளியது அவரேதான். எங்கள் விரல்களுக்கு அந்த அடி மனப்பாடம். மின்னலை எங்களில் யாருமே பார்ப்பதில்லை.

“எட்டுப் பேரை நான்தான் கொன்னிருக்கேன்,” என்றார். அடிக்கு இருபது ஃபிரேம் முன்னால் மின்னலை வைத்தார். சரிபார்க்க நேரமில்லை. இகராஷி லிஃப்டில் வந்துகொண்டிருந்தார்.

இகராஷி முதல் முறை ஓடினார், செத்தார். இரண்டாம் முறையும் அப்படியே. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹமாசாகி தரையைப் பார்த்தார். நிஷிவாகியின் கையில் மதியம் தின்னாத சோற்றுருண்டை நசுங்கியிருந்தது.

மூன்றாம் முறை ஓடி ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டார். போக வேறு இடமில்லை. கோடாலி மின்னியது. அதை நோக்கியே உருண்டார். கோடாலி அவர் உடம்பின் ஊடே போயிற்று, அடி படவில்லை. அரக்கனின் முதுகுக்குப் பின்னால் எழுந்து ஒரு வெட்டு வெட்டினார். அடுத்த அடியில் செத்தார்.

இகராஷி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இன்னொரு தடவை,” என்றார்.