பில்லில் அவரே அச்சடித்தது

தொழிலாளர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளனின் மேசைமேல் ஓர் ஓட்டல் பில்லைப் பட்டென்று வைத்தபடிதான் அந்த ஓட்டலில் பரிமாறும் அக்கா அவனுக்கு அறிமுகமானாள். பின்னாலேயே முதலாளியும் முறைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டிப்ஸ் வாங்கினது பத்தலையாம், சர்வீஸ் சார்ஜும் வேணுமாம்! பில்லுல கட்டாயமா போடுறது ஓட்டல் வருமானம். சட்டம் தெரியுமாடி உனக்கு?"

"மரியாதையா பேசுங்க. எங்களுக்குன்னு அச்சடிச்சது நீங்கதானே? அதைப் பார்த்துட்டு இப்ப ஒருத்தரும் டிப்ஸே வைக்கிறதில்ல."

சார்ஜைக் கண்டு முகம் சுளித்த வாடிக்கையாளர்களின் வாயை அடைக்க, 'பரிமாறுவோருக்கு' என்று முதலாளியே பில்லில் சேர்த்திருந்தார். பத்து மாதமாக அந்தப் பில்லைச் சிரித்த முகத்தோடு நீட்டியவள் அவள்.

ஆய்வாளன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். "வெறும் சர்வீஸ் சார்ஜ்னா உங்களுக்குத்தான் சார். ஊழியருக்குன்னு சொல்லி வாங்கினா, நம்ம சட்டப்படி அது அவங்களுக்குத்தான்."

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே!" என்று முதலாளி சீறினார்.

"புகார் குடுத்ததுக்கு வேலையை விட்டுத் தூக்குறாராம். அதையும் எழுதிக்குங்க தம்பி," என்றாள் அக்கா.

ஆய்வாளன் பேனாவை எடுக்கவும், "சரி சரி, வரட்டும்," என்று முதலாளி பின்வாங்கினார்.

பத்து மாதப் பங்கு அவளுக்குக் கிடைத்தது. பில்லில் இப்போது 'பரிமாறுவோருக்கு' என்ற சொல் இல்லை. அக்கா அதே ஓட்டலில்தான் பரிமாறுகிறாள். முதலாளி அவள் முகத்தில் விழிப்பதில்லை.