மதகு வேலைக்கு யார் பெயர்

அறுபதுகளில் கடலூரில் ஒரு பாசனப் பொறியாளர் அலுவலகத்தில் நான் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தேன். திங்கள்தோறும் ஓவர்சியர்கள் கூடிப் பேசுவார்கள். சிமெண்டில் தொடங்கும் பேச்சு பஸ் கட்டணத்துக்கும் கல்யாணத்துக்கும் போய், மறுபடி வாய்க்காலுக்கு வரும். அத்தனையையும் எடுத்துத் தட்டச்சு செய்வேன்.

புதிதாக வந்த பொறியாளர் அந்தக் காகிதக் கட்டைத் தள்ளி வைத்தார். “இத யாரும்மா படிப்பாங்க? என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ள. ஒரே பக்கத்துல குடு.”

அன்றிலிருந்து பேச்சைச் சலித்தெடுக்கப் பழகினேன். “பார்க்கலாம்”, “செஞ்சா நல்லது” என்பவை முடிவல்ல. ஒருவர் “நான் முடிச்சிடறேன்” என்று சொல்லி, பொறியாளரும் ஒப்புக்கொண்டால்தான் எழுதுவேன். ஒரு வேலைக்கு இரண்டு பேர் என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள் என்பதால், அவர்கள் மேசைக்கே போய், “யார் சார் பாக்கப் போறீங்க?” என்று கேட்டுவிடுவேன். தீராத பேச்செல்லாம் அடியில், ‘முடிவாகாதவை’ என்ற தலைப்பில் போகும்.

ஒரு புரட்டாசியில், சிதம்பரம் பக்கத்து மதகு ஒன்றின் பலகை கீழே இறங்க மறுப்பதாகப் பேச்சு வந்தது. பேசினார்கள், பேசினார்கள், யாரும் ஏற்கவில்லை. சிதம்பரம் ஓவர்சியர் மனைவியின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். நான் அதை ‘முடிவாகாதவை’யில் வைத்தேன்.

பொறியாளர் அடித்துத் திருத்தினார். “சிதம்பரம் ஓவர்சியர்னு போடு. ஐப்பசி பொறக்கறதுக்குள்ளன்னு போடு.”

“அவரு வரவே இல்லியே சார். அவருக்குத் தெரியாதே.”

“காயிதம் போனா தெரிஞ்சிடப் போவுது.”

அந்தப் பக்கம் தபாலில் போனது. பிரசவம் சிக்கலாகி அவர் லீவை நீட்டித்திருந்தார். உறை பிரிக்கப்படாமல் அவர் மேசையில் கிடந்தது. மழை முந்திக்கொண்டது. மூடாத மதகு வழியே வெள்ளம் புகுந்து, நட்ட பயிரெல்லாம் மூழ்கியது.

விசாரணையில் அந்த ஒற்றைப் பக்கம்தான் பேசியது. பெயர் தெளிவாக இருந்தது, தேதியும். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த முழுப் பேச்சின் காகிதக் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அன்று வரவில்லை என்பது அதில் இருந்தது. வந்த அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, “சுருக்கம்தாம்மா ரெக்கார்டு” என்றார். பெயரைப் போடச் சொன்னது தான்தான் என்று பொறியாளர் சொல்லவே இல்லை.

ஓவர்சியரைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போட வந்தவர் என் மேசையருகே நின்றார்.

“நீ எனக்காகக் கேட்டியாமே, சொன்னாங்க” என்றார்.

“கேட்டு என்ன சார் ஆச்சு?”

“பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் எப்படிப் போறதுன்னுதான் யோசனையா இருக்கு.”

கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்த திங்கள் பொறியாளரே சொன்னார்: “ஆள் வந்து ஒத்துக்காம யார் பேரையும் போடாதம்மா.” நான் ஓய்வு பெறும்வரை அந்த வழக்கம் நீடித்தது. பலருக்கு அது உதவியது. அந்த ஓவர்சியருக்கு மட்டும் உதவவில்லை.