வளைவுக்கு மட்டும் தனி ரேட்

திருப்பூரில் ஃபால்ஸ் சீலிங் வேலை எடுக்கும் தெய்வசிகாமணிக்கு எந்த வீட்டிலும் ஒழுங்காக உட்காரத் தெரியாது. காபி கையில் இருக்கும், கண் மேலே இருக்கும். மகள் கோகிலாவுக்கு வரன் பேசி, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கோபிக்குப் போன அன்றும் அப்படித்தான்.

"இன்னைக்காவது கீழ பாருங்க," என்று காரிலேயே சொல்லி வைத்திருந்தாள் மனைவி சரோஜா.

மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து புது ஹாலைக் காட்டினார். மேலே வெறும் கான்கிரீட். தரையில் ஏழடி அகலத்துக்குச் சாக்பீஸ் வட்டம்.

"இந்த வட்டம் அப்படியே மேல தொங்கற மாதிரி வருதுங்க. சுத்தியும் பதினாறு லைட்டு. மொத்தம் அம்பத்தேழாயிரத்தி அறநூறு. நம்ம மச்சான் தங்கராசுதான் பண்றாப்ல."

தங்கராசு பக்கத்திலேயே நின்று சிரித்தார். தெய்வசிகாமணி தரை டைல்ஸை எண்ணி ஹாலை மனசுக்குள் அளந்தார். ரெண்டடி டைல்ஸ், இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் பத்து. பதினெட்டுக்கு இருபது, முந்நூற்று அறுபது சதுர அடி. சரோஜா முழங்கையால் இடித்தாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"சதுர அடி என்ன ரேட்டுங்க?"

"நூத்தியறுபது," என்றார் தங்கராசு. "வளைவு இருக்குதல்லோ!"

"வளைவு வட்டத்துலதானுங்களே இருக்குது? ஹால் பூராத்துக்கும் எதுக்குங்க வளைவு ரேட்டு?"

அவரால் நிறுத்த முடியவில்லை. "சாதா ஜிப்சம் தொண்ணூறு ரூபா, முப்பத்திரண்டாயிரத்தி நானூறு. லைட்டுக்கு ஓட்டை போட அம்பதுன்னா எண்ணூறு. ஏழடி வட்டத்தோட சுத்தளவு இருபத்திரண்டு அடி, அடிக்கு இருநூறு சேத்துனா நாலாயிரத்தி நானூறு. முப்பத்தேழாயிரத்தி அறநூறு ஆச்சுங்க."

தங்கராசு முகம் கறுத்துப் போனது. "பொண்ணு குடுக்க வந்தீங்களா, கொட்டேசன் குடுக்க வந்தீங்களா?"

நாச்சிமுத்து மச்சானையும் விருந்தாளியையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரோரம் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பலகாரத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தங்கராசு அவளுடைய தம்பி.

திரும்பும் வழியெல்லாம் சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு தெய்வசிகாமணிக்குத் தரகரின் போன் மேலேயே நினைப்பு. சைட்டில் ஏணி ஏறுவார், இறங்குவார், போனை எடுத்துப் பார்ப்பார். தரகர் ஒருவழியாகக் கூப்பிட்டு, ஜாதகம் சரிவரவில்லையாம் என்றார்.

மகளிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோகிலா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த மாப்பிள்ளை அன்னைக்கு ஒரு வார்த்தை பேசுனாராப்பா?"

"இல்லடா."

"அப்ப விடுங்க."

மறுவாரம் நாச்சிமுத்துவே கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஏனுங்க, மத்ததெல்லாம் மனசுல வெக்காதீங்க. அந்த முப்பத்தேழாயிரத்தி அறநூறுக்கே ஹாலை முடிச்சுக் குடுப்பீங்களா?"

தெய்வசிகாமணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தார். சரோஜா முறைத்தாள்.

"போய்ச் செஞ்சு குடுங்கப்பா," என்றாள் கோகிலா. "பாதியை முன்னாடியே வாங்கிக்குங்க."