உண்மையைச் சொல்லிக் கெடுத்தவள்

மூத்த மருமகள் இளையவளின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் ப்ளீச்சை ஊற்றிவிட்டாள் என்று அடுக்குமாடி முழுக்கப் பேச்சு. மூன்றாவது மாடியை எட்டுவதற்குள் ப்ளீச் ஆசிட் ஆகியிருந்தது. விசாரித்தால், அவள் அந்த ஷூவைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் பாவம் குறைவு.

மூத்தவளுக்கு ஒரு வணிக வளாகத்தின் வாசலில் காவல் வேலை. கறுப்புத் தோல் ஷூதான் அவளுடைய கௌரவம். ஈரத்துணியால் தூசியைத் துடைப்பாள், பாலிஷை மெலிசாகத் தடவுவாள், அது காய்ந்தபின் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்ப்பாள். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கட்டின புருஷனுக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

சமையலறையில் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்த மறுநாள், இளையவள் அந்த ஷூவைச் சோப்புத்தூளில் ஊறப்போட்டு, துணி துவைக்கும் பிரஷ்ஷால் பிறாண்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். எண்ணெய்ப் பசை போன தோல், வறண்ட ஏரியாய் வெடித்தது.

"அழுக்கா இருந்துச்சேன்னு கழுவினேன்க்கா. நல்லதுக்கே காலமில்ல."

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "இந்தக் காலோட வாசல்ல நிக்காத. கீழ பார்க்கிங்குக்குப் போம்மா."

மூத்தவள் பார்க்கிங்கில் வண்டிப் புகையைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். அதே வளாகத்தின் மேல்மாடியில் உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறவள் இளையவள். அவள் வெள்ளை ஷூவில் ஒருநாள் சேறு பட்டது.

"அக்கா, இத எதுல கழுவறது?"

மூத்தவள் பழிவாங்கத் தொடங்கினாள். அதாவது, உண்மையைச் சொன்னாள்.

"சேறு காயட்டும், தட்டிவிடு. கொஞ்சூண்டு சோப்பு, பழைய டூத்பிரஷ். நுரை சுத்தமா போறவரைக்கும் அலசு. வெள்ளைக் காகிதத்தைத் திணிச்சு நிழல்ல வை. ப்ளீச் மட்டும் வேணாம், மஞ்சளாயிடும்."

அடுத்த அறையில் இளையவள் தன் புருஷனிடம் சொன்னது சுவர் வழியே கேட்டது. "ப்ளீச் வேணாமாம், வெயில் ஆகாதாம். எப்படிக் கெடுக்கப் பாக்கறா பாத்தீங்களா? நான் என்ன பால்குடிக்கிற புள்ளையா?"

மூத்தவள் சிரிப்பைத் தலையணைக்குள் அமுக்கினாள்.

சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்து முடித்தாள் இளையவள். சாயங்காலம் ஷூவுக்கு மஞ்சள்காமாலை. அதன்மேல் வெள்ளைப் பாலிஷை அப்பிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். குதித்த முதல் குதியிலேயே பட்டை பட்டையாக உதிர்ந்தது. பின்வரிசை சிரித்த சிரிப்பு, செய்தியாய்ப் பார்க்கிங் வரை இறங்கியது.

இப்போது புதுத் தோல் ஷூவோடு மூத்தவள் மறுபடியும் வாசலில் நிற்கிறாள். இளையவள் வந்தால் மற்றவர்களை உள்ளே விட்டுவிட்டு அவளை மட்டும் நிறுத்துகிறாள்.

"அக்கா, நாந்தான்."

"தெரியும். பையத் திற."

சீப்பு, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே வருகின்றன. கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பு மட்டும் வரவில்லை. நாளைக்கும் திறக்கச் சொல்வாள்.